ஒரே திறமை இருந்தும் ஒரு குழுவுக்கு மட்டும் ஒரு கேள்வி கடினமாகிறதா? சரிபார்க்கும் முறை

தேர்வு முடிந்து விடைகள் கைக்கு வந்ததும் பலரும் முதலில் செய்வது இதுதான்: ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு குழுக்களின் சரிவிடைச் சதவீதத்தைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, எங்கே இடைவெளி அதிகமோ அந்தக் கேள்வியைச் சந்தேகிப்பது. அந்த இடைவெளியை வைத்துக் கேள்வியைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. ஒரு குழுவில் பாடத்தை நன்றாகக் கற்றவர்கள் அதிகம் இருந்தால், குறையே இல்லாத கேள்வியிலும் அந்தக் குழு முன்னால்தான் நிற்கும். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. ஒரே அளவு திறமை உள்ள இரண்டு மாணவர்கள், வெவ்வேறு குழுவைச் சேர்ந்தவர்கள் என்பதால் மட்டும், இந்தக் கேள்வியில் வேறு வேறு வாய்ப்புப் பெறுகிறார்களா?

இதைத் தேர்வியல்காரர்கள் ‘வினாவின் வேறுபட்ட செயல்பாடு’ என்பார்கள், பேச்சில் டிஐஎஃப். கண்டுபிடிக்கப் பல முறைகள் உண்டு. புதிதாகத் தொடங்குபவர்களுக்கு மாண்டெல்–ஹென்செல் முறை போதும். கால்குலேட்டரிலேயே போட்டுப் பார்க்கலாம், எங்கே தவறுகிறது என்பதும் கண்ணுக்குத் தெரியும். சரி அல்லது தவறு என்று மட்டும் மதிப்பெண் தரும் கேள்விகளுக்கான வழி இது. பாதி மதிப்பெண் தரும் கேள்விகளுக்கு வேறு வடிவம் வேண்டும். அதை இங்கே தொடவில்லை.

## 1. கோப்பில் என்ன இருக்க வேண்டும்

ஒரு மாணவருக்கு ஒரு வரி. அதில் பெயர் வேண்டாம், குறியீட்டு எண் போதும். அடுத்து ஒவ்வொரு கேள்விக்கும் 1 அல்லது 0. கடைசியில் குழு. இதோடு, மாணவர் தேர்ந்தெடுத்த அசல் விருப்பம் (அ, ஆ, இ, ஈ) உள்ள கோப்பையும் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். பலர் 1, 0 ஆக்கியதும் அதை அழித்துவிடுகிறார்கள். 7-ஆம் படியில் அது இல்லாமல் காரணத்தைத் தேட முடியாது.

குழு விவரம் தேர்வுக்கு முன்பே பதிவுப் படிவத்தில் வாங்கியிருக்க வேண்டும். தேர்வு முடிந்தபின் பெயரைப் பார்த்தோ பள்ளியைப் பார்த்தோ ஊகித்து நிரப்பினால், தவறான குழுவில் விழும் ஒவ்வொருவரும் உண்மையான வேறுபாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துவிடுவார்கள். முடிவு ‘பிரச்சினை இல்லை’ என்றே வரும்.

விடப்பட்ட கேள்விகளை எப்படிக் கணக்கிடுவது என்று கணக்கைத் தொடங்கும் முன்பே முடிவு செய்து எழுதிவையுங்கள். நடுவில் விட்டதை 0 என்று எடுப்பது வழக்கம். தாளின் கடைசியில் வரிசையாக விட்டது வேறு விஷயம். அந்த மாணவருக்கு நேரம் போதவில்லை, கேள்வியை அவர் பார்க்கவே இல்லை. அதையும் 0 ஆக்கினால், மெதுவாகப் படிக்கும் குழுவுக்குக் கடைசி ஐந்தாறு கேள்விகள் எல்லாமே ‘கடினம்’ என்று வரும். குறை நேரக்கட்டுப்பாட்டில் இருக்க, பழி கேள்விகளின் மேல் விழும். ஆகவே இறுதிக் கேள்விகளை எட்டாதவர்களை அந்தக் கேள்விகளின் கணக்கிலிருந்து மட்டும் நீக்கிவிடுங்கள்.

எத்தனை பேர் வேண்டும்? சிறிய குழுவில் 200 பேராவது இருந்தால்தான் முடிவை நம்பலாம். அதற்குக் குறைவாக இருந்தால் கணக்கு ஓடும், ஆனால் பெரிய குறையைக்கூடக் கண்டுபிடிக்காமல் விட்டுவிடும்.

எப்போது செய்வது என்பதும் முக்கியம். முன்னோட்டத் தேர்வு முடிந்தவுடன் செய்வதுதான் நல்லது. குறையுள்ள கேள்வியை அப்போது செலவில்லாமல் எடுத்துவிடலாம். அது முடியாவிட்டால், முடிவுகளை வெளியிடுவதற்கு முன் செய்துவிடுங்கள். வெளியிட்டபின் ஒரு கேள்வியை நீக்குவது என்றால் எல்லோருடைய மதிப்பெண்ணையும் மாற்ற வேண்டியிருக்கும். கணக்கு சில நிமிட வேலைதான். கோப்பைச் சுத்தம் செய்வதும், பாட வல்லுநர்களை ஓரிடத்தில் உட்கார வைப்பதும்தான் நாட்களைத் தின்னும்.

## 2. இரண்டு குழுக்களும், ‘சம திறமை’க்கு ஓர் அளவுகோலும்

எந்தக் குழுவுக்குக் கேள்வி கடினமோ என்ற சந்தேகம் இருக்கிறதோ அது கவனக் குழு. யாரோடு ஒப்பிடுகிறோமோ அது ஒப்பீட்டுக் குழு. இந்தக் கட்டுரையில் வரும் எடுத்துக்காட்டு, கணக்குக்காக நாமே அமைத்துக்கொண்டது: தமிழில் நடந்த 20 கேள்விக் கணிதத் தேர்வு. வீட்டிலும் தமிழ் பேசும் 400 பேர் ஒப்பீட்டுக் குழு; வீட்டில் வேறு மொழி பேசும் 300 பேர் கவனக் குழு.

‘சம திறமை’ என்பதற்கு அளவுகோலாக அதே தேர்வின் மொத்த மதிப்பெண்ணையே எடுத்துக்கொள்கிறோம். 13 வாங்கிய ஒப்பீட்டுக் குழு மாணவரை, 13 வாங்கிய கவனக் குழு மாணவரோடு மட்டுமே ஒப்பிடுவோம். முறையின் உயிர் இதில்தான் இருக்கிறது. இதில் தவறினால் மீதிக் கணக்கு எவ்வளவு துல்லியமாக இருந்தும் பயனில்லை.

மூன்று இடங்களில் தவறுவார்கள். முதலாவது, சோதிக்கும் கேள்வியை மொத்த மதிப்பெண்ணிலிருந்து கழித்துவிடுவது. ‘அந்தக் கேள்வியையே சந்தேகிக்கிறோமே, அதை எப்படி அளவுகோலில் சேர்ப்பது?’ என்று தோன்றும். ஆனால் இரு குழுக்களின் சராசரித் திறமையும் வேறாக இருக்கும்போது அதைக் கழித்தால், குறையற்ற கேள்வியும் குறையுள்ளதுபோல் தெரியும். ஆகவே சோதிக்கும் கேள்வி மொத்தத்தில் இருக்க வேண்டும்.

இரண்டாவது, அகலமான மதிப்பெண் பட்டைகள். 6 முதல் 10 வரை ஒரே பட்டை என்று வைத்தால், அதற்குள் ஒப்பீட்டுக் குழுவினர் 9, 10 பக்கமும் கவனக் குழுவினர் 6, 7 பக்கமும் குவிந்திருக்கலாம். ‘சமம்’ என்று நாம் சேர்த்து வைத்தவர்கள் உண்மையில் சமம் இல்லை. ஒவ்வொரு மதிப்பெண்ணையும் தனிப் படியாக வைப்பதே சரி. ஆட்கள் மிகக் குறைவாக உள்ள ஓரங்களில் மட்டும் இரண்டு மூன்றைச் சேர்க்கலாம். கீழே கையால் போட்டுக் காட்டுவதற்காக மட்டும் 4 பட்டைகள் வைத்திருக்கிறேன்.

மூன்றாவது, மிகக் குறைந்த கேள்விகள். ஏழெட்டுக் கேள்வி கொண்ட சிறு தேர்வின் மொத்த மதிப்பெண் திறமையைச் சரியாகக் காட்டாது. ஊகமும் அதிர்ஷ்டமும் நிறையக் கலந்திருக்கும். அப்போது ஒரே மதிப்பெண் வாங்கிய இருவரில், சராசரி குறைந்த குழுவைச் சேர்ந்தவரின் உண்மைத் திறமை சற்றுக் குறைவாகவே இருக்கும். அந்தக் குழுவுக்கு எதிராகப் பொய் எச்சரிக்கைகள் வந்துகொண்டே இருக்கும்.

## 3. பட்டியல் போடுங்கள்

இரண்டு கேள்விகளை எடுத்துக்கொள்வோம். மொத்தச் சதவீதம் இப்படி:

| கேள்வி | ஒப்பீட்டுக் குழு | கவனக் குழு | இடைவெளி |
|---|---|---|---|
| 7 | 63.5% | 43.0% | 20.5 |
| 12 | 62.5% | 40.0% | 22.5 |

இரண்டிலும் இடைவெளி ஏறத்தாழ ஒரே அளவுதான். இதை மட்டும் பார்த்தால் இரண்டையும் தூக்க வேண்டும், அல்லது இரண்டையும் விட்டுவிட வேண்டும். இப்போது மதிப்பெண் பட்டை வாரியாகச் சரிவிடைச் சதவீதத்தைப் பாருங்கள்:

| மொத்த மதிப்பெண் | கே. 7 ஒப்பீடு | கே. 7 கவனம் | கே. 12 ஒப்பீடு | கே. 12 கவனம் |
|---|---|---|---|---|
| 0–5 | 10% | 10% | 40% | 25% |
| 6–10 | 35% | 35% | 55% | 40% |
| 11–15 | 75% | 75% | 65% | 50% |
| 16–20 | 95% | 95% | 75% | 60% |

கேள்வி 7-இல் சம மதிப்பெண்காரர்களிடையே வேறுபாடே இல்லை. (உண்மைத் தரவில் இப்படித் துல்லியமாகப் பொருந்தாது, இங்கும் அங்கும் சில புள்ளிகள் ஆடும்.) 20.5 புள்ளி இடைவெளி முழுவதும், ஒப்பீட்டுக் குழுவில் 11 அல்லது அதற்கு மேல் வாங்கியவர்கள் 260 பேர், கவனக் குழுவில் 100 பேர் மட்டுமே என்பதால் வந்தது. கேள்வி 12 அப்படியல்ல. எந்தப் பட்டையை எடுத்தாலும் கவனக் குழு 15 புள்ளி பின்தங்கியிருக்கிறது.

## 4. கேள்வி 12-க்குக் கணக்கு

ஒவ்வொரு பட்டைக்கும் நான்கு எண்கள் வேண்டும். A என்பது ஒப்பீட்டுக் குழுவில் சரியாக எழுதியவர்கள், B அதே குழுவில் தவறாக எழுதியவர்கள், C கவனக் குழுவில் சரி, D கவனக் குழுவில் தவறு. T அந்தப் பட்டையின் மொத்தம்.

| பட்டை | A | B | C | D | T | A×D/T | B×C/T |
|---|---|---|---|---|---|---|---|
| 0–5 | 16 | 24 | 20 | 60 | 120 | 8.00 | 4.00 |
| 6–10 | 55 | 45 | 48 | 72 | 220 | 18.00 | 9.82 |
| 11–15 | 104 | 56 | 40 | 40 | 240 | 17.33 | 9.33 |
| 16–20 | 75 | 25 | 12 | 8 | 120 | 5.00 | 2.50 |
| கூட்டல் | | | | | | 48.33 | 25.65 |

கடைசி இரண்டு கூட்டல்களையும் வகுத்தால் வருவது ஆல்ஃபா:

```
alpha = 48.33 / 25.65 = 1.88
```

இதன் பொருள்: சம மதிப்பெண் வாங்கியவர்களில், சரி எழுதியவர்களுக்கும் தவறு எழுதியவர்களுக்கும் உள்ள விகிதம் ஒப்பீட்டுக் குழுவில் 1.88 மடங்கு அதிகம். ஆல்ஃபா 1 என்றால் வேறுபாடு இல்லை. கேள்வி 7-க்குப் போட்டால் சரியாக 1 வரும்.

1.88 என்ற எண்ணைப் பார்த்துப் பெரிதா சிறிதா என்று சொல்வது கடினம். 1-க்கு மேலே எவ்வளவு போனாலும் போகும், கீழே 0-வோடு நின்றுவிடும். இரண்டு பக்கமும் சமமாக இல்லை. அதனால் இயல் மடக்கை எடுத்து −2.35-ஆல் பெருக்குவார்கள். இந்த அளவுகோலை அமெரிக்கத் தேர்வு நிறுவனமான இ.டி.எஸ் பயன்படுத்துகிறது. பிறரும் அதையே எடுத்துக்கொண்டார்கள். வரும் எண்ணுக்கும் D என்றே பெயர்; பட்டியலில் உள்ள D வேறு.

```
D = -2.35 × ln(1.884) = -1.49
```

குறி மீது கண் வையுங்கள். எதிர்க்குறி வந்தால் கவனக் குழுவுக்குக் கடினம். நேர்க்குறி வந்தால் அந்தக் குழுவுக்கு எளிது. குழுக்களை இடம் மாற்றிக் கொடுத்துவிட்டால் எண் அப்படியே இருக்கும், குறி மட்டும் புரண்டுவிடும். கணினியில் கவனக் குழுவின் பெயரைத் தவறாகக் கொடுத்து, அறிக்கையையே தலைகீழாக எழுதிவிடுவது நடக்கக்கூடியதே. சந்தேகம் வந்தால் மேலே உள்ளது போன்ற சதவீதப் பட்டியலைப் பாருங்கள். அது பொய் சொல்லாது.

அடுத்து, இது தற்செயலாக வந்திருக்குமா என்ற சோதனை. குழுவுக்கும் விடைக்கும் தொடர்பே இல்லை என்றால் ஒவ்வொரு பட்டையிலும் A எவ்வளவு இருக்கும் என்று கணக்கிட்டுக் கூட்டினால் 227.3 வருகிறது. உண்மையில் 250 பேர் சரியாக எழுதியிருக்கிறார்கள். இந்த 22.7 வித்தியாசத்திலிருந்து 0.5 கழித்து, வர்க்கப்படுத்தி, மாறுபாடுகளின் கூட்டலான 35.5-ஆல் வகுத்தால் கைவர்க்க மதிப்பு 13.86. எல்லை 3.84. ஆகவே இது தற்செயல் இல்லை.

இந்தப் பகுதியைக் கையால் போடத் தேவையில்லை. ஆர் மென்பொருளில் இரண்டு வரி போதும். கீழே ஒவ்வொரு பட்டைக்கும் எண்கள் A, C, B, D என்ற வரிசையில் உள்ளன. A, B, C, D என்று கொடுத்தாலும் இதே விடைதான் வரும்.

```r
x <- array(c(16,20,24,60, 55,48,45,72,
             104,40,56,40, 75,12,25,8), dim = c(2,2,4))
mantelhaen.test(x)
```

1.884 என்ற பொது விகிதமும் 13.86-உம் திரையில் வந்தால் நீங்கள் சரியாகப் போட்டிருக்கிறீர்கள்.

## 5. பெரிதா, சிறிதா?

கைவர்க்கம் எல்லையைத் தாண்டியது என்பதால் மட்டும் கேள்வியைத் தூக்கிவிடாதீர்கள். இருபதாயிரம் பேர் எழுதிய தேர்வில் ஒன்றுமில்லாத சிறு வேறுபாடும் எல்லையைத் தாண்டும். அதனால்தான் வேறுபாட்டின் அளவும் சோதனையின் முடிவும் சேர்த்துப் பார்க்கப்படுகின்றன. இ.டி.எஸ் வகைப்பாடு இது. இந்த A, B, C வகைகளின் பெயர்கள், 4-ஆம் படியில் வந்த எண்ணிக்கைகள் அல்ல:

- A: D-இன் அளவு (குறியை விட்டுவிட்டு) 1-க்குக் கீழே, அல்லது சோதனையில் எல்லையைத் தாண்டவில்லை. கேள்வியை விட்டுவிடலாம்.
- C: அளவு 1.5 அல்லது அதற்கு மேல். அதோடு 1-ஐவிட அதிகம் என்பதும் சோதனையில் உறுதியாக வேண்டும். கட்டாயம் ஆராய வேண்டும்.
- B: இரண்டுக்கும் நடுவே இருப்பவை.

நம் கேள்வி 12-இன் அளவு 1.49. மயிரிழையில் B. இப்படி விளிம்பில் நிற்பதை ‘தப்பித்தது’ என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். 700 பேர் அளவுள்ள இந்தத் தரவில் D-இன் திட்டப்பிழை 0.39. அதாவது உண்மை மதிப்பு −0.7-க்கும் −2.3-க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். 1.52 என்று வந்திருந்தாலும் C ஆகியிருக்காது, ஏனெனில் 1-ஐவிட அதிகம் என்று உறுதிசெய்ய இந்த எண்ணிக்கை போதாது. ஒவ்வொரு பட்டையிலும் 15 புள்ளி விலகல் இருக்கும்போது, எழுத்து B என்பதற்காகக் கோப்பை மூடிவிடுவது சரியல்ல.

## 6. எல்லாக் கேள்விகளுக்கும் ஓட்டுதல்

ஆர் மென்பொருளின் `difR` தொகுப்பு எல்லாக் கேள்விகளையும் ஒரே ஓட்டத்தில் பார்த்துவிடும்.

```r
library(difR)
d <- read.csv("answers.csv")
difMH(Data = d[, 2:21], group = d$group,
      focal.name = "foc", purify = TRUE)
```

இதில் `purify = TRUE` என்பதைப் புரிந்துகொள்ளாமல் நகர வேண்டாம். சம திறமைக்கு அளவுகோலாக வைத்த மொத்த மதிப்பெண்ணிலேயே குறையுள்ள கேள்விகள் கலந்திருக்கின்றன. வளைந்த அளவுகோலால் அளந்தால், நேரான கேள்வியும் வளைந்ததாகத் தெரியும். அதனால் முதல் சுற்றில் மாட்டிய கேள்விகளை மொத்தத்திலிருந்து எடுத்துவிட்டு மறுபடி ஓட்டுகிறோம். பட்டியல் மாறாமல் நிற்கும் வரை இது தொடரும். 2-ஆம் படியில் சொன்ன விதி இங்கும் உண்டு: எடுத்துவிட்ட கேள்வியே ஆனாலும், அதைச் சோதிக்கும்போது மட்டும் அதன் மதிப்பெண் மொத்தத்தில் சேர வேண்டும்.

திரையில் ஒவ்வொரு கேள்விக்கும் A, B, C எழுத்துகள் வரும். அங்கே ஒரு பொறி இருக்கிறது. அந்த எழுத்து D-இன் அளவை மட்டும் பார்த்துப் போடப்படுவது. சோதனை முடிவு அதில் சேரவில்லை. சிறிய தரவில் வெறும் தற்செயலால் C வந்து நிற்கும். பக்கத்தில் உள்ள நிகழ்தகவு மதிப்பையும் சேர்த்துப் படியுங்கள்.

இன்னொன்று. 40 கேள்விகளை 5% எல்லையில் சோதித்தால், ஒன்றிலும் குறை இல்லாவிட்டாலும் சராசரியாக 2 கேள்விகள் மாட்டும். ஒன்றிரண்டு கேள்வி மாட்டியதற்காகத் தேர்வே பாரபட்சமானது என்று அறிக்கை எழுதிவிடாதீர்கள்.

இந்த முறை பார்க்கவே முடியாத ஒன்றும் உண்டு. எல்லாக் கேள்விகளும் ஒரு குழுவுக்கு ஒரே அளவு கூடுதல் கடினமாக இருந்தால், மொத்த மதிப்பெண்ணே அதே அளவு கீழே இறங்கிவிடும். ஒவ்வொரு கேள்வியும் தேர்வின் மற்றக் கேள்விகளோடு ஒப்பிட்டுத்தான் அளக்கப்படுகிறது. 20 கேள்வியும் கடும் மொழிநடையில் இருந்தால் ஒன்றுகூட மாட்டாது. ‘எல்லாம் A, ஆகவே தேர்வு நியாயமானது’ என்ற முடிவுக்கு இந்தக் கணக்கு இடம் தராது. அதைக் கேட்க வேண்டுமென்றால் தேர்வுக்கு வெளியே உள்ள அளவுகோல் ஒன்று வேண்டும்.

### வரைபடம் போடாமல் விடாதீர்கள்

கிடை அச்சில் மொத்த மதிப்பெண், நிலை அச்சில் சரிவிடைச் சதவீதம், இரு குழுக்களுக்கும் இரண்டு கோடுகள். கேள்வி 12-இல் இரண்டு கோடுகளும் இணையாக ஓடும். சில கேள்விகளில் கோடுகள் நடுவில் வெட்டிக்கொள்ளும்: கீழ் மதிப்பெண்காரர்களில் கவனக் குழு முன்னால், மேல் மதிப்பெண்காரர்களில் பின்னால். மாண்டெல்–ஹென்செல் இரண்டு பக்கத்தையும் கூட்டிப் பார்ப்பதால் ஒன்றை ஒன்று அடித்துவிடும். ஆல்ஃபா 1-க்குப் பக்கத்தில் வந்து நிற்கும். வெட்டிக்கொள்ளும் கோடுகளைக் கண்டால் அதே தொகுப்பில் உள்ள `difLogistic` கட்டளையால் மீண்டும் சோதியுங்கள். அது இந்த வகையையும் பிடிக்கும்.

## 7. காரணத்தைத் தேடுதல்

கணக்கு இந்த இடத்தில் ஓய்ந்துவிடுகிறது. விலகல் இருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும்; ஏன் என்று சொல்லாது. இப்போது கேள்வி 12-ஐப் படிப்போம்:

> ஒரு பையில் 1 முதல் 20 வரை எண்ணிட்ட 20 அட்டைகள் உள்ளன. ஓர் அட்டையை எடுத்தால் அதன் எண் 15-க்கு மிகாமல் இருப்பதற்கான நிகழ்தகவு என்ன?
> அ) 1/20  ஆ) 5/20  இ) 14/20  ஈ) 15/20

விடை ஈ. இப்போது, அழிக்காமல் வைத்திருந்த அசல் விருப்பக் கோப்பைத் திறந்து, தவறாக எழுதியவர்கள் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பாருங்கள். இதையும் ஒரே மதிப்பெண் பட்டைக்குள்தான் பார்க்க வேண்டும். 6–10 பட்டையில் ஒப்பீட்டுக் குழுவில் தவறிய 45 பேரில் 15 பேர் ‘ஆ’ எழுதியிருக்கிறார்கள். கவனக் குழுவில் தவறிய 72 பேரில் 43 பேர். மூன்றில் ஒரு பங்கு எங்கே, 60% எங்கே!

5/20 எங்கிருந்து வரும்? 16 முதல் 20 வரை எண்ணினால் வரும். அதாவது ‘மிகாமல்’ என்பதை ‘மிகுந்து’ என்று படித்தவர்கள் அதை எழுதுவார்கள். அவர்களுக்கு நிகழ்தகவு தெரிகிறது. அட்டைகளைச் சரியாக எண்ணி 20-ஆல் வகுத்திருக்கிறார்கள். தடுக்கியது ஒரு சொல்லில். வீட்டில் தமிழ் பேசும் மாணவர்களிலும் சிலர் தடுக்கியிருக்கிறார்கள், ஆனால் குறைவாக.

எல்லா விலகலுக்கும் இவ்வளவு தெளிவாகக் காரணம் கிடைக்காது. பெரும்பாலும் கண்ணில் படுபவை இவை: பாடத்துக்குத் தேவையில்லாத அரிய சொல், ஒரு குழுவுக்கு மட்டும் பழக்கமான விளையாட்டோ கருவியோ கேள்வியின் சூழலாக அமைந்தது, எதிர்மறை மேல் எதிர்மறை வைத்த வாக்கியம், ஒரு குழுவுக்கு இன்னும் நடத்தி முடிக்காத பாடம்.

வல்லுநர் குழுவைக் கூட்டும்போது ஒரு நடைமுறையைக் கடைப்பிடியுங்கள். மாட்டிய கேள்விகளை மட்டும் கையில் கொடுக்காதீர்கள். மாட்டாத கேள்விகளையும் கலந்து, எது எது என்று சொல்லாமல் கொடுங்கள். ‘இதில் குறை இருக்கிறது’ என்று சொல்லிக் கொடுத்தால் எந்தக் கேள்விக்கும் யாராவது ஒரு குறை சொல்லிவிடுவார்கள். மாட்டாத கேள்விகளிலும் அதே அளவு குறை சொன்னார்கள் என்றால் அவர்கள் சொன்ன காரணங்களை நம்ப முடியாது. குழுவில் பாட ஆசிரியர்களோடு, கவனக் குழு மாணவர்களுக்கு நேரடியாகப் பாடம் நடத்தும் ஒருவராவது இருக்க வேண்டும்.

## 8. என்ன செய்வது என்று முடிவெடுத்தல்

முடிவு ஒரே ஒரு கேள்வியில் தொங்குகிறது: இடறச் செய்த அந்த விஷயம், தேர்வு அளக்க வந்ததன் பகுதியா?

கேள்வி 12 நிகழ்தகவை அளக்க வந்தது. ‘மிகாமல்’ என்ற சொல்லைப் புரிந்துகொள்வது அதன் பகுதி இல்லை. ஆகவே கேள்வியைத் திருத்தலாம்: ‘எண் 15 ஆகவோ அதைவிடக் குறைவாகவோ இருப்பதற்கான நிகழ்தகவு’. இதே சொல் மொழித் தேர்வில் சொல்லறிவைச் சோதிக்க வந்திருந்தால் விலகலுக்கு நியாயமான காரணம் உண்டு, கேள்வி இருக்கலாம். நடத்தி முடிக்காத பாடத்திலிருந்து வந்த கேள்வி என்றால் விலகல் மாணவர்கள் அறிந்ததில் உள்ள உண்மையான வேறுபாட்டைக் காட்டுகிறது. அந்தப் பாடம் தேர்வில் வர வேண்டுமா என்பது வேறு விவாதம். கணக்கு அதைத் தீர்க்காது.

திருத்திய கேள்வியைப் புதிய கேள்வியாகவே நடத்துங்கள். பழைய கேள்வியின் கடின அளவு அதற்குப் பொருந்தாது. மீண்டும் முன்னோட்டத்தில் வைத்து, மீண்டும் இதே சோதனைக்கு உட்படுத்திய பிறகே உண்மையான தேர்வில் சேர்க்க வேண்டும். அதற்கு ஒரு முழுத் தேர்வுச் சுற்று ஆகும் என்பதை அட்டவணை போடும்போதே கணக்கில் வையுங்கள். தேர்வு ஏற்கனவே முடிந்துவிட்டதென்றால் திருத்த இடமில்லை. எல்லோருடைய மதிப்பெண்ணிலிருந்தும் அந்தக் கேள்வியை நீக்க வேண்டும், அல்லது அப்படியே விட வேண்டும். கவனக் குழுவுக்கு மட்டும் ஒரு மதிப்பெண் சேர்த்துக் கொடுக்கும் யோசனை எப்படியும் யாராவது கொண்டுவருவார்கள். கேள்வியை நன்றாகப் புரிந்து சரியாக எழுதிய கவனக் குழு மாணவர்களும், அதே சொல்லில் தடுக்கிய ஒப்பீட்டுக் குழு மாணவர்களும் இருக்கிறார்கள். அந்த யோசனை இரண்டு தரப்பையும் தவறாக நடத்தும்.

எந்த முடிவு எடுத்தாலும் கேள்விக்கு ஒரு பக்கம் பதிவு எழுதிவையுங்கள். எந்தக் குழுக்கள், எத்தனை பேர், எதை அளவுகோலாக வைத்தீர்கள், விடப்பட்ட விடைகளை எப்படி எடுத்தீர்கள், ஆல்ஃபா, D, திட்டப்பிழை, கைவர்க்கம், வரைபடம், வல்லுநர்கள் சொன்ன காரணம், எடுத்த முடிவு. அளவுகோலையும் விடப்பட்ட விடைகளையும் பற்றிய இரண்டு வரிகளைத்தான் பலரும் எழுதாமல் விடுவது. பிறகு வேறொருவர் அதே தரவை ஓட்டி வேறு எண் வந்தால், காரணம் பெரும்பாலும் அந்த இரண்டு வரிகளில்தான் இருக்கும்.

## சிறிய குழு என்றால்

கவனக் குழுவில் 60, 70 பேர்தான் இருக்கிறார்கள் என்றால் என்ன செய்வது? ஒரே கேள்விகள் பல முறை பயன்பட்டிருந்தால், அந்தச் சுற்றுகளின் விடைகளைச் சேர்த்து எண்ணிக்கையைக் கூட்டலாம். நிபந்தனை, தேர்வுத்தாள் ஒன்றேயாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் மொத்த மதிப்பெண்ணுக்கு ஒரே பொருள் இருக்காது. அதுவும் முடியாவிட்டால் எழுத்து வகைப்பாட்டைப் போடவே வேண்டாம். வரைபடத்தையும் தவறான விருப்பங்களையும் மட்டும் வல்லுநர்களிடம் கொடுங்கள். அறிக்கையில் ‘குறை கண்டறியப்படவில்லை’ என்று எழுதாமல், ‘கண்டறியப் போதுமான எண்ணிக்கை இல்லை’ என்று எழுதுங்கள்.